நஷ்டத்தை ரூபாய் ரூபாயாகப் பிரியுங்கள்: 2024 ஜூன் 4 ட்ரேடுக்கு ஒரு மார்க்

கேள்வி: 2024 தேர்தல் முடிவுக்கு முந்தின நாள், ஜூன் 3 காலை, ஒரு பங்கை 400 ரூபாயில் 600 வாங்கினேன். ஸ்டாப்லாஸ் 384. மறுநாள் மார்க்கெட் விழுந்ததில் 379க்கு விற்றுப்போனது, 12,600 ரூபாய் நஷ்டம். என் கேபிடல் 5 லட்சம், ஒரு ட்ரேடில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பது என் விதி. என் நண்பன் அதே பங்கை அதே விலையில் 300 வாங்கி, ஸ்டாப்லாஸ் நெருங்கியதும் அதை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பங்கு 346 வரை போய்த் திரும்பி வந்தது, ஜூன் 7 அன்று 412க்கு விற்று 3,600 லாபம் பார்த்தான். நான் செய்தது தப்பா, இல்லை என் நேரம் சரியில்லையா? முடிந்த ட்ரேடுக்கு மார்க் போடச் சொல்கிறார்களே, இதற்கு எப்படிப் போடுவது?

பதில்:

முதலில் உங்கள் கணக்கைப் பிரித்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும்.

5 லட்சத்தில் 1 சதவீதம் 5,000 ரூபாய். ஸ்டாப்லாஸ் வரை பங்குக்கு 16 ரூபாய் ரிஸ்க். 5,000ஐ 16ஆல் வகுத்தால் 312 பங்கு. உங்கள் விதி அனுமதித்தது அவ்வளவுதான், நீங்கள் வாங்கியது 600. இப்போது 12,600ஐ மூன்று துண்டாக வெட்டுங்கள். 312 பங்கு, சரியாக 384லேயே விற்றிருந்தால் நஷ்டம் 4,992. இது தப்பும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை, கடை போட்டவன் கொடுக்கிற வாடகை மாதிரி. அடுத்து, 384க்குப் பதில் 379க்கு விற்றதால் அந்த 312 பங்குக்கு ஐந்தைந்து ரூபாய் கூடுதல் நஷ்டம், அது 1,560. ஸ்லிப்பேஜ் என்பது இதுதான். கடைசியாக, விதியைத் தாண்டி வாங்கிய 288 பங்கு, ஒவ்வொன்றிலும் 21 ரூபாய் நஷ்டம், மொத்தம் 6,048. மூன்றையும் கூட்டினால் 12,600 சரியாக வரும்.

ஆக, நேரத்தின் மேல் பழி போட முடிகிற தொகை அதிகபட்சம் 1,560 ரூபாய். நஷ்டத்தில் கிட்டத்தட்ட பாதி, தேர்தல் முடிவு வருவதற்கு முந்தின நாளே குவான்டிட்டி கட்டத்தில் 600 என்று அடித்தபோது முடிவானது. அந்த நிமிடம் மார்க்கெட் ஏறிக்கொண்டிருந்தது, யாரும் உங்கள் கையைப் பிடித்து அழுத்தவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. முறை சரி விளைவு சரி, முறை சரி விளைவு தப்பு என்று நாலு கட்டம் போட்டு ட்ரேடைத் தூக்கி ஏதாவது ஒன்றில் போடச் சொல்வார்கள். படம் வரைய அழகாக இருக்கும். ஆனால் ஒரு முழு ட்ரேட் ஒரே கட்டத்தில் உட்காருவது அபூர்வம். உங்களுடையதையே பாருங்கள்: ஸ்டாப்லாஸ் போட்டது சரி, அதை நகர்த்தாமல் விட்டது சரி, அளவு தப்பு, விற்ற விலையில் கொஞ்சம் துரதிர்ஷ்டம் இருக்கலாம். இதை "மோசமான ட்ரேட்" என்று எழுதி மூடினால் அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்? பெரும்பாலும் சரியாகச் செய்த ஒன்றைத்தான், அதாவது ஸ்டாப்லாஸைத்தான் மாற்றுவீர்கள். அதுவும் நண்பன் 3,600 லாபத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

சரி, அந்த நாளுக்குப் போவோம், ஏனென்றால் "அன்னைக்கு யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூன் 1 சனிக்கிழமை மாலை எக்ஸிட் போல் வந்தது. மே 31 வெள்ளி அன்று 22,530ல் முடிந்த நிஃப்டி, ஜூன் 3 திங்களன்று 733 புள்ளி ஏறி 23,263ல் முடிந்தது. செவ்வாயன்று ஓட்டு எண்ண எண்ணச் சரிந்து 21,281 வரை போய், 21,884ல் முடிந்தது. ஒரே நாளில் 5.9 சதவீதம். வெள்ளிக்கிழமை, ஜூன் 7, மறுபடி 23,290ல் முடிந்தது. மூன்று நாளில் போனதெல்லாம் திரும்பியது.

இதில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாதது திசை. எக்ஸிட் போல் சொன்ன மாதிரியே எண்ணிக்கை வந்திருந்தால் நிஃப்டி இன்னும் ஏறியிருக்கலாம், உங்கள் 600 பங்கு உங்களைப் புத்திசாலி ஆக்கியிருக்கும். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் பெரிதாகப் போகும் என்பது தெரிந்த விஷயம்தான். ஏப்ரல் கடைசியில் 10, 12 என்று கிடந்த இந்தியா விக்ஸ், அதாவது மார்க்கெட் எவ்வளவு அசையும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டும் எண், மே முடிவில் 24ஐத் தாண்டியிருந்தது. ஆப்ஷன் விலையைப் பார்க்கிற எவருக்கும் மார்க்கெட் பெரிய அசைவுக்கு விலை கேட்கிறது என்பது தெரிந்திருக்கும். பழைய நாட்களும் இருந்தன. 2004ல் ஆட்சி மாறியபோது, மே 14 அன்று 1,582ல் முடிந்த நிஃப்டி அடுத்த வர்த்தக நாளான மே 17 அன்று 1,388ல் முடிந்தது, 12 சதவீதச் சரிவு, நடுவில் வர்த்தகத்தையே நிறுத்த வேண்டி வந்தது. 2009 மே 18 அன்று நேர்மாறு: மேல் சர்க்யூட் என்ற ஏற்ற எல்லையைத் தொட்டு வர்த்தகம் நின்றது, விழும் என்று முன்கூட்டியே விற்று வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

எனவே நான் மார்க் போடும்போது பிடித்துக்கொள்கிற கோடு இது: திசை உங்கள் கையில் இல்லை, அளவு முழுக்க உங்கள் கையில். "விழும் என்று எனக்குத் தெரியாது" என்பது செல்லுபடியாகும். "இவ்வளவு இழப்பேன் என்று எனக்குத் தெரியாது" என்பது ஜூன் 3 மாதிரி ஒரு நாளில் செல்லாது.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது, கவனியுங்கள். அன்றைக்கு உண்மையில் என்ன அளவு சரி? ஸ்டாப்லாஸ் 4 சதவீதத்தில் இருக்கிறது, ஆனால் முடிவு நாளில் விலை அந்த 4 சதவீதத்தை ஒரே தாண்டாகத் தாண்டித் திறக்கலாம், அப்போது ஸ்டாப்லாஸ் இருந்தும் பயனில்லை. 2004ஐ மனதில் வைத்து 12 சதவீதத்துக்குத் தயாராக இருப்போம் என்றால் பங்குக்கு 48 ரூபாய் ரிஸ்க், 5,000க்கு 104 பங்குதான் வரும். ஆக மூன்று எண்கள்: வாங்கியது 600, உங்கள் விதிப்படி 312, நான் சரி என்று நினைப்பது 104. உங்கள் ட்ரேடுக்கு மார்க் போடும்போது 600க்கும் 312க்கும் உள்ள இடைவெளியை மட்டும்தான் குற்றமாகச் சேர்க்க வேண்டும். 312க்கும் 104க்கும் உள்ள இடைவெளி விதியின் குறை, அதை நோட்டின் வேறு பக்கத்தில் எழுதி, அடுத்த பட்ஜெட், அடுத்த ரிசல்ட் சீசன் வருவதற்கு முன் விதியை மாற்றுங்கள். எழுதியிருந்த விதியை மீறினோமா என்பது ஒரு கேள்வி, அந்த விதியே நல்லதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே மார்க்கில் குழைத்தால், நஷ்டம் வந்த ஒவ்வொரு முறையும் விதியை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், எதுவும் சோதிக்கப்படாது.

இப்போது நண்பர். அவருக்கு 300 பங்கு, 384 வரை ரிஸ்க் 4,800. 312க்குள்தான், அளவில் அவர் உங்களைவிட ஒழுங்கு, அந்த மார்க்கை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஸ்டாப்லாஸை எடுத்த நொடியில் அந்த 4,800 என்ற எண்ணுக்கு அர்த்தம் போய்விட்டது. 346ல் அவர் நஷ்டம் 16,200, திட்டமிட்டதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்த நிமிடத்தில் எங்கே வெளியே வருவது என்று அவரிடம் ஒரு விலை இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். "340 போனா வித்துடலாம்னு இருந்தேன்" என்று இப்போது சொல்வார், அது எங்கேயாவது எழுதியிருந்ததா என்பதுதான் கேள்வி. மூன்று நாளில் நிஃப்டி திரும்பியதால் 3,600 வந்தது. 2004ல் இதையே செய்தவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பணத் தேவை வந்தோ மனசு விட்டுப்போயோ அடிமட்டத்தில் விற்றவர்களின் கதையை யாரும் டீக்கடையில் சொல்ல மாட்டார்கள். அவர் ட்ரேடுக்கு என் மார்க்: நுழைவு உங்களுடையது போலவே, அளவு முழு மார்க், வெளியேற்றம் பூஜ்யம். லாபம் மார்க் கணக்கிலேயே வராது.

ஒரு விஷயம். அவர் செய்தது "ஸ்டாப்லாஸ் இல்லாமல் முதலீட்டுக்காக வாங்குவது" என்ற வேறு முறையாக இருந்திருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு முறைதான், அதற்கு அளவு வேறு, காரணம் வேறு, காத்திருக்கும் காலம் வேறு. காலையில் ட்ரேடராக வாங்கி மதியம் முதலீட்டாளராக மாறியதுதான் பிரச்சினை. நோட்டில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வாங்கும்போது எழுதிய காரணத்துக்கும் விற்காமல் இருந்ததற்கு எழுதிய காரணத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

மார்க் எப்போது போடுவது என்பது, எப்படிப் போடுவது என்பதைவிட முக்கியம் என்று என் அனுபவம் சொல்கிறது. நான் முதல் இரண்டு வருடம் மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லா ட்ரேடுக்கும் சேர்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தால், லாபம் வந்த ட்ரேடுக்கெல்லாம் 8, 9, நஷ்டம் வந்ததற்கெல்லாம் 4, 5. ஒன்றிரண்டு தவிர மாற்றமே இல்லை. அதாவது நான் முறைக்கு மார்க் போடவே இல்லை, லாப நஷ்டத்தை இன்னொரு எண்ணில் மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். அதில் வேடிக்கை, நஷ்ட ட்ரேடுகளுக்கு எழுதிய குறிப்பெல்லாம் அரைப் பக்கம், லாபத்துக்கு "நல்ல செட்டப்" என்று இரண்டே வார்த்தை. லாபத்தில் விதி மீறியது எதுவும் என் கண்ணில் பட்டதே இல்லை.

அதன் பிறகு மாற்றிக்கொண்டது இப்படி. வாங்கிய அன்று மாலையே, முடிவு தெரிவதற்கு முன், நுழைவுக்கும் அளவுக்கும் மார்க் போட்டுவிடுவேன். ஆர்டர் போடுவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டியது நாலே விஷயம்: ஏன் வாங்குகிறேன், எங்கே தப்பு என்று ஒப்புக்கொள்வேன், எத்தனை பங்கு, இந்த ட்ரேட் ஓடும் நாட்களில் தெரிந்த தேதி ஏதாவது வருகிறதா. நாலாவதை உங்கள் நோட்டில் சேருங்கள். ரிசல்ட், பட்ஜெட், ரிசர்வ் வங்கிக் கூட்டம், தேர்தல் முடிவு எல்லாம் நாள் குறித்து வருகிறவை, அவற்றைத் திடீர் என்று சொல்ல முடியாது. வெளியேறிய பிறகு மூன்றாவது மார்க், வெளியேற்றத்துக்கு மட்டும்: எழுதிய இடத்தில் வெளியேறினேனா, இல்லையா. மூன்றுமே ஆம், இல்லை என்பதுதான், பத்துக்கு ஏழரை என்று நுணுக்கமெல்லாம் வேண்டாம், நுணுக்கம் வந்தால் நம் மனசு அதில் பேரம் பேசும்.

நான் பயன்படுத்துவது நீளமான கணக்கு நோட்டு. லாப நஷ்டம் கடைசிப் பத்தியில் இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பத்தியைப் பின்னால் மடித்துவிட்டு, என்னைப்போலவே ட்ரேட் செய்யும் ஒரு நண்பரிடம் நோட்டைக் கொடுப்பேன், அவருடையது என்னிடம் வரும். அவர் போடுகிற மார்க்கும் நான் போட்டதும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் விஷயம் இருக்கும். பெரும்பாலும் நான் லாபம் பார்த்த ட்ரேடில்தான் அவர் "ஏன் இதில் இரட்டிப்பு குவான்டிட்டி?" என்று பென்சிலால் வட்டம் போட்டிருப்பார்.

துரதிர்ஷ்டம் என்று ஒதுக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. உங்கள் 1,560 ரூபாய் ஸ்லிப்பேஜையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 4 அன்று பெரிய கேப்-டவுன் என்று பலர் நினைக்கிறார்கள், நிஃப்டி அன்று திறந்தது 23,179ல், முந்தின நாள் முடிவைவிட நூறு புள்ளிகூடக் குறைவில்லை. சரிவு முழுக்கத் திறந்த பிறகு, எண்ணிக்கை வர வர, காலை முழுவதும் நடந்தது. பல பங்குகளில் நடுநடுவே விற்க விலை இருந்தது. உங்கள் பங்கு தனியாகக் கேப்பில் திறந்ததா, இல்லை இறங்கி வரும்போது 384 அடித்ததா என்பதை அன்றைய ஐந்து நிமிட சார்ட்டில் பாருங்கள். கேப்பில் திறந்து 379 என்றால் அது அந்த நாளின் குணம், ஒதுக்கிவிடலாம். நிதானமாக இறங்கியும் ஐந்து ரூபாய் போயிருந்தால் ஆர்டரைப் பாருங்கள். ஸ்டாப்லாஸ் மார்க்கெட் ஆர்டர் என்றால் வேகமான சந்தையில் கிடைத்த விலைக்குப் போகும். விற்பனையைக் கிளப்பும் ட்ரிகர் 384, அதற்குக் கீழே விற்காதே என்னும் லிமிட் 379 என்று நீங்களே அகலமாக வைத்திருந்தால், அந்த ஐந்து ரூபாய்க்கு முன்பே சம்மதம் சொன்னது நீங்கள்தான். நேர்மாறாக லிமிட்டை 383 என்று ஒட்டி வைத்து, விலை அதைத் தாண்டித் திறந்தால், ஆர்டர் உயிரோடு இருக்கும், விற்றே இருக்காது, நீங்களும் விருப்பமில்லாமலே நண்பரின் நிலைமையில் உட்கார்ந்திருப்பீர்கள். அப்படி அன்று விற்காமல் போனவர்கள், சில நாளில் விலை திரும்பியதும் "நல்லவேளை விக்கல" என்று எழுதிவைத்திருப்பார்கள்.

ஒரே மாதிரி ஸ்லிப்பேஜ் வருடத்தில் நாலைந்து முறை வந்தால், நான் அதைத் துரதிர்ஷ்டம் என்ற பத்தியிலிருந்து எடுத்து ரிஸ்க் கணக்கிலேயே சேர்த்துவிடுவேன். பங்குக்கு 16 ரூபாய் என்பதற்குப் பதில் 18 என்று போட்டு, 5,000ஐ 18ஆல் வகுத்து, 277 பங்கு வாங்குவேன்.

இன்னொரு எல்லை, மார்க்கின் பக்கம். மூன்றுக்கு மூன்று வாங்கிய ட்ரேடுகள் மட்டும் நாற்பது ஐம்பது சேர்ந்த பிறகு அவற்றைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அதற்கு முன் கூட்டுவதில் பெரிய பயன் இல்லை. 100க்கு 45 ஜெயிக்கிற நல்ல முறையில்கூட, நூறு ட்ரேடில் எங்கேயாவது ஆறு நஷ்டம் வரிசையாக வருவதற்கே வாய்ப்பு அதிகம், அதைப் பார்த்து பயந்து முறையை விட்டவர்கள் நிறைய. ஆனால் ஐம்பது ஒழுங்கான ட்ரேடும் சேர்ந்து, செலவெல்லாம் போக, இன்னும் நஷ்டம் என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துரதிர்ஷ்டம் என்று சொல்லி ஆறுதல் தேட முடியாது, நீங்கள் ஒழுக்கமாகப் பின்பற்றுகிற விதியிலேயே சரக்கு இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். மார்க் போடுகிற பழக்கம் பலருக்கு இங்கேதான் திசை மாறுகிறது. "ப்ராசஸ் சரி, ரிசல்ட் வரும்" என்று வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

இனி உங்களுக்கு என் மார்க். அளவு: இல்லை. வெளியேற்றம்: ஆம், முழுசாக, நண்பரைப் பார்த்து அதை மாற்றிவிடாதீர்கள். நுழைவுக்கு என்னால் போட முடியாது, ஏனென்றால் ஜூன் 3 காலை ஏன் வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எக்ஸிட் போலுக்குப் பிறகு ஏறித் திறக்கும் பங்கை வாங்குவது உங்கள் விதிகளில் முன்பே இருந்ததா, அன்று காலை முளைத்ததா? முளைத்தது என்றால் இங்கேயும் இல்லைதான், அப்போது குற்றம் 288 பங்கில் நிற்காது, 600 பங்கும் அதில் வந்துவிடும். அதோடு கான்ட்ராக்ட் நோட்டை எடுத்து விற்ற நேரத்தைப் பாருங்கள். 9.15 என்றால் அந்த 1,560ஐ நேரத்தின் கணக்கில் எழுதிவிடலாம். பத்து மணிக்கு மேல் என்றால் ஆர்டர் ஜன்னலில் ட்ரிகர், லிமிட் என்ன அடித்திருந்தீர்கள் என்று தேடி எடுங்கள், அந்தத் தொகையை யார் கணக்கில் எழுதுவது என்று அதன் பிறகு முடிவு செய்யலாம்.